உள்வட்டம்போல் தெரிந்த வட்டம்

"சார், என் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். 13, 14, 15 செ.மீ. பக்கங்கள் உள்ள முக்கோணம் வரைந்து, மூன்று குத்துக்கோடுகளின் அடிகள் வழியாக ஒரு வட்டம் போட்டாள். அது மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகள் வழியாகவும் போகிறது. ஆனால் பார்க்க உள்வட்டம் மாதிரியே இருக்கிறது. இரண்டும் ஒன்றேதானா, இல்லை தற்செயலா?" பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அப்பா.

இரண்டும் ஒன்றல்ல. உள்வட்டம் மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொட மட்டும் செய்யும், உங்கள் மகள் போட்டது ஒன்பது புள்ளி வட்டம். நடுப்புள்ளிகள் வழியாகப் போவது தற்செயலும் அல்ல, எல்லா முக்கோணத்திலும் அப்படித்தான் போகும். உள்வட்டம்போல் தெரிவது மட்டும் உங்கள் மகள் எடுத்த அளவுகளின் வேலை. அந்த முக்கோணத்தில் இரண்டு வட்டங்களின் மையங்களுக்கும் இடையே இருப்பது 0.625 மில்லிமீட்டர். கொஞ்சம் மழுங்கிய பென்சில் கோட்டின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாததில் வியப்பில்லை.

பிறை நகரில் ஒரு கடைமாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். இதே 13-14-15 முக்கோணத்தைத்தான் நானும் கரும்பலகையில் போடுவது வழக்கம், எல்லா எண்ணும் ஒழுங்காக வரும் என்பதால். அதில் இப்படி ஒரு பொறி இருப்பதை ஒரு மாணவி "சார், இது உள்வட்டம்தானே" என்று கேட்ட அன்றுதான் நானே கவனித்தேன். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் படத்தை எண்ணாக்கிக்கொள்வோம். 14 செ.மீ. பக்கத்தைத் தாளின் அடியில் கிடையாக வையுங்கள். B = (0, 0), C = (14, 0). மேல் முனை A = (5, 12). AB 13, AC 15 என்று பித்தகோரஸ் வழியே சரிபார்த்துக்கொள்ளலாம். A-இலிருந்து இறங்கும் குத்துக்கோட்டின் அடி D = (5, 0). BC-இன் நடுப்புள்ளி L = (7, 0). உள்வட்டத்தின் ஆரம் பரப்பளவை அரைச்சுற்றளவால் வகுத்தால் வரும், 84 ÷ 21 = 4. அது BC-ஐத் தொடும் இடம் (6, 0).

இப்போது மகளின் தாளில் அடிப்பக்கத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். அவள் போட்ட வட்டம் 5-லும் 7-லும் BC-ஐ வெட்டுகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே 2 செ.மீ. அந்த இடைவெளியில் வட்டம் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது தெரியுமா? 1.25 மில்லிமீட்டர். அதாவது கோட்டின் மேல் படுத்துக்கொண்டு, லேசாகக் கீழே வழிகிற வில். உள்வட்டமோ 6-இல் கோட்டைத் தொட்டுவிட்டு மேலே போய்விடும். ஸ்கேலை வைத்து 5-க்கும் 7-க்கும் நடுவில் கோட்டுக்கு அடியில் பென்சில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும், எந்த வட்டம் என்று தெரிந்துவிடும்.

சரி, நடுப்புள்ளிகள் ஏன் வந்து சேர்கின்றன? மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் இடம் குத்துக்கோட்டு மையம், அதை H என்போம். நம் முக்கோணத்தில் H = (5, 3.75). இங்கே இன்னும் மூன்று புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். H-க்கும் ஒவ்வொரு முனைக்கும் நடுவில் இருப்பவை அவை. HA-இன் நடு X, HB-இன் நடு Y, HC-இன் நடு Z. பக்கங்களின் நடுப்புள்ளிகள் BC-க்கு L, CA-க்கு M, AB-க்கு N.

இப்போது N, M, Z, Y என்ற நான்கைப் பாருங்கள். ABC முக்கோணத்தில் NM, BC-க்கு இணை, அதில் பாதி. HBC என்ற முக்கோணத்தில் YZ-உம் BC-க்கு இணை, அதிலும் பாதி. ABH என்ற முக்கோணத்தில் NY, AH-க்கு இணை. AH குத்துக்கோடாயிற்றே, BC-க்குச் செங்குத்து. அப்படியானால் NY-உம் NM-உம் செங்குத்து. எனவே நான்கும் சேர்ந்து ஒரு செவ்வகம். எண்ணிலே பார்த்தால் N (2.5, 6), M (9.5, 6), Z (9.5, 1.875), Y (2.5, 1.875). அகலம் 7, உயரம் 4.125. மூலைவிட்டம் 8.125.

செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சமம், ஒன்றையொன்று நடுவில் வெட்டும். இங்கே அவை MY, NZ. இதே வேலையை AB பக்கத்தை வைத்துச் செய்தால் L, M, X, Y என்று இன்னொரு செவ்வகம் வரும், அதன் மூலைவிட்டங்கள் LX, MY. MY இரண்டு செவ்வகத்துக்கும் பொது. இந்தப் பொதுக்கோட்டில்தான் நிரூபணத்தின் உயிர் இருக்கிறது. MY-உம் NZ-உம் சமம், MY-உம் LX-உம் சமம், மூன்றுக்கும் நடுப்புள்ளி ஒன்று. ஆக L, M, N, X, Y, Z ஆறும் ஒரே வட்டத்தில், மூன்று விட்டங்களின் முனைகளாக உட்கார்ந்திருக்கின்றன.

அடிகள் எங்கே? D-ஐ எடுங்கள். DX குத்துக்கோட்டின் மேல் இருக்கிறது, DL பக்கத்தின் மேல் இருக்கிறது, நடுவே 90 பாகை. LX விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று படிவம் மூன்றில் படித்ததைத் திருப்பிப் போட்டால், D அந்த வட்டத்தில்தான் இருக்க வேண்டும். B-இலிருந்து வரும் அடி E-க்கு விட்டம் MY, C-இலிருந்து வரும் அடி F-க்கு NZ. ஒன்பதும் சேர்ந்தாயிற்று. இதனால்தான் இதை ஒன்பது புள்ளி வட்டம் என்கிறார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். உங்கள் மகள் அடிகளில் தொடங்கினாள், நடுப்புள்ளிகள் இலவசமாக வந்தன. நிரூபிக்கும்போது நடுப்புள்ளிகளில் தொடங்குவதுதான் சுலபம், அடிகள் கடைசியில் ஒரு வரியில் வந்துவிடும். அடிகளிலிருந்தே நிரூபிக்கப் பார்த்தால் கோணங்களை எண்ணிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் போகும். செய்யலாம், ஆனால் விரிகோண முக்கோணம் வந்தால் கோணங்கள் கூட்டலா கழித்தலா என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். செவ்வக வழிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த 8.125 என்ற மூலைவிட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அது இந்த முக்கோணத்தின் சுற்றுவட்ட ஆரம்! மூன்று பக்கங்களையும் பெருக்கி, பரப்பளவின் நான்கு மடங்கால் வகுத்தால் 2730 ÷ 336 = 8.125. அப்படியென்றால் ஒன்பது புள்ளி வட்டத்தின் விட்டம் சுற்றுவட்டத்தின் ஆரத்துக்குச் சமம், நம்முடைய வட்டத்தின் ஆரம் அதில் பாதி, 4.0625. காரணம் எளிது. H-இல் நின்றுகொண்டு படம் முழுவதையும் பாதியாகச் சுருக்கினால், A, B, C மூன்றும் X, Y, Z-இல் வந்து விழும். A, B, C வழியே போன சுற்றுவட்டமும் கூடவே சுருங்கி X, Y, Z வழியே போகும் வட்டமாகிவிடும். அதன் மையமும் சுற்றுவட்ட மையமான O-விலிருந்து H-க்குப் பாதி தூரம் வந்து நிற்கும். O = (7, 4.125), H = (5, 3.75). நடுவில் மையம் K = (6, 3.9375).

வரைகிறவர்களுக்கு இது பயன்படும். வகுப்பில் பலர் D, E, F-ஐக் குறித்துவிட்டு அவற்றிலிருந்து மையத்தைத் தேடுவார்கள். சிலர் D-ஐயும் L-ஐயும் எடுத்து நடுச்செங்குத்துப் போடுவார்கள். இந்த முக்கோணத்தில் அவை 2 செ.மீ. தூரத்திலேதான் இருக்கின்றன. அவ்வளவு சின்னக் கோட்டுக்கு நடுச்செங்குத்து வரைந்தால், ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் தவறினாலே கோட்டின் சாய்வு மாறி, மேலே மையம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போகும். அதற்குப் பதில் O-வையும் H-ஐயும் கண்டுபிடித்து அவற்றின் நடுவில் கவராயத்தை ஊன்றுவது பாதுகாப்பு. வட்டம் ஒரு அடியை மட்டும் தவறவிட்டால், அந்தக் குத்துக்கோடு செங்குத்தாக இல்லை என்று சந்தேகப்படுங்கள். மூன்று குத்துக்கோடுகளும் ஒரே இடத்தில் சந்திக்காமல் நடுவில் சின்ன முக்கோணம் விட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், தவறு அங்கேதான்.

கணக்குப் போட்டுச் சரிபார்க்கும்போது வேறு ஒரு தொல்லை. E சுத்தமாக வரும், (8.96, 6.72). K-இலிருந்து தூரத்தின் வர்க்கம் 2.96² + 2.7825² = 16.50390625, ஆரத்தின் வர்க்கமும் அதேதான். F மட்டும் 350/169, 840/169 என்ற பின்னங்களாக வரும். அதை 2.07, 4.97 என்று வெட்டிவிட்டுப் போட்டால் 16.511 வந்து, "சார், F வட்டத்தில் இல்லை" என்பார்கள். ஆரத்தில் பார்த்தால் அந்த வித்தியாசம் 0.001-தான். வெட்டியதன் குற்றம், வட்டத்தின் குற்றம் அல்ல. பின்னமாகவே வைத்துப் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் உள்வட்டத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியே அதுதான். உள்வட்ட மையம் I = (6, 4). K = (6, 3.9375). ஒன்று மற்றொன்றுக்கு நேர் கீழே. இடைவெளி 0.0625. இரண்டு ஆரங்களின் வித்தியாசம் 4.0625 − 4 = 0.0625. இரண்டும் ஒரே எண்! ஒரு வட்டத்துக்குள் இன்னொன்று இருந்து, மையங்களின் தூரம் ஆரங்களின் வித்தியாசத்துக்குச் சமமானால், அவை ஒரு புள்ளியில் தொடுகின்றன என்று பொருள். எங்கே? K-இலிருந்து மேலே 4.0625 போனால் (6, 8). I-இலிருந்து மேலே 4 போனாலும் (6, 8). ஆக உங்கள் மகள் கண்ணால் பார்த்ததில் பாதி உண்மை இருந்தது. இரண்டு வட்டங்களும் உண்மையிலேயே ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் ஒரே ஓர் இடத்தில், மேலே (6, 8)-இல். கீழே போகப் போக மெல்ல விலகி, அடியில் 1.25 மில்லிமீட்டர் ஆகிறது.

இதுவும் இந்த எண்களுக்கு மட்டும் உரியதல்ல. எந்த முக்கோணத்திலும் உள்வட்டம் ஒன்பது புள்ளி வட்டத்தை உள்ளிருந்து தொடுகிறது, ஒரு பக்கத்தையும் மற்ற இரண்டின் நீட்சிகளையும் தொடும் மூன்று வெளிவட்டங்களும் அதை வெளியிலிருந்து தொடுகின்றன. 1822-இல் இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் எர்லாங்கனில் பள்ளி ஆசிரியராக இருந்த கார்ல் ஃபாயர்பாக். வேடிக்கை என்னவென்றால், அவர் பேசியது அடிகளும் நடுப்புள்ளிகளுமாக ஆறு புள்ளிகளைத்தான், X, Y, Z-ஐ அவர் சேர்க்கவில்லை. ஒன்பதையும் சேர்த்து நிரூபித்தவர்கள் அதற்கு முந்தைய வருடம், 1821-இல், பிரியான்ஷோன், போன்சலே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஒன்பது புள்ளி வட்டம் என்ற பெயர் 1842-இல் டெர்க்கம் என்ற பிரெஞ்சுக் கணிதர் வைத்தது. ஜெர்மானியர் இன்னும் ஃபாயர்பாக் வட்டம் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ஆய்லர் பெயரைச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒன்பது புள்ளி என்பதைவிட அந்தத் தொடுதல்தான் பெரிய விஷயம், ஃபாயர்பாக் பெயரே பொருத்தம்.

தொடுதலுக்கு நிரூபணம் செவ்வகம்போல் ஒரு மூச்சில் முடியாது. ஃபாயர்பாக்கே கணக்குப் போட்டுத்தான் காட்டினார். வழியை மட்டும் சொல்கிறேன். O, H, I மூன்றையும் முனைகளாக வைத்து ஒரு சின்ன முக்கோணம் நினைத்துக்கொள்ளுங்கள். K, OH-இன் நடுவில் இருப்பதால் IK அதன் நடுக்கோடு. மூன்று பக்கங்களும் தெரிந்தால் நடுக்கோட்டின் நீளம் தெரிந்துவிடும். சுற்றுவட்ட ஆரத்தை R என்றும் உள்வட்ட ஆரத்தை r என்றும் வைத்தால் OI² = R² − 2Rr. மற்ற இரண்டு பக்கங்களையும் கண்டு உள்ளே போட்டால், எல்லாம் சுருங்கி IK = R/2 − r என்று நிற்கும். ஆரங்களின் வித்தியாசமும் அதுவேதானே.

இதிலிருந்தே உங்கள் மகளின் குழப்பத்துக்கும் காரணம் கிடைக்கிறது. இரண்டு வட்டமும் எவ்வளவு நெருங்கும் என்பதை R/2 − r சொல்கிறது. சமபக்க முக்கோணத்தில் R, r-இன் இரண்டு மடங்கு, வித்தியாசம் பூச்சியம், அங்கே மட்டும் இரண்டு வட்டமும் ஒன்றே. அதில் அடிகளும் நடுப்புள்ளிகளும் ஒன்றாகிவிடுவதால் ஒன்பது புள்ளி ஆறாகச் சுருங்கும். 13-14-15 சமபக்கத்துக்குக் கிட்டத்தட்ட அருகில் இருப்பதால்தான் இந்த மயக்கம். செங்கோண முக்கோணத்தில் புள்ளிகளின் எண்ணிக்கை இன்னும் சுருங்கும். H செங்கோண முனையிலேயே விழுந்து, அந்த முனை, அதிலிருந்து கர்ணத்துக்குப் போன அடி, மூன்று நடுப்புள்ளிகள் என ஐந்துதான் மிஞ்சும். "ஒன்பது எங்கே சார்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 3-4-5-ஐ வரைந்திருப்பார்கள்.

மகளிடம் அதே தாளில் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். AD என்ற குத்துக்கோட்டைக் கண்ணாடியாக வைத்து C-ஐ மறுபக்கம் மடக்கினால் அது (−4, 0)-க்குப் போகும். புதிய முக்கோணத்தின் பக்கங்கள் 4, 13, 15. B-இல் விரிகோணம். இப்போது D பக்கத்துக்கு வெளியே, CB-ஐ நீட்டிய கோட்டில் இருக்கிறது. C-இலிருந்து வரும் குத்துக்கோட்டின் அடி F-உம் AB-ஐ B-க்கு அப்பால் நீட்டினால்தான் கிடைக்கும். பல பிள்ளைகள் இங்கே நீட்டாமல் விட்டுவிட்டு அடி இல்லை என்பார்கள். H கீழே (5, −3.75)-க்கு இறங்கிவிடும். மையம் K = (1.5, 2.0625). ஆரம் பழைய 4.0625-ஏதான், ஏனென்றால் மடக்கியபோது C-இன் கோணமும் எதிர்ப்பக்கம் AB-உம் மாறவில்லை, அதனால் R-உம் மாறவில்லை.

உள்வட்டம் மட்டும் சுருங்கிவிடுகிறது. பரப்பளவு 24, அரைச்சுற்றளவு 16, ஆரம் 1.5, மையம் (−1, 1.5). வித்தியாசம் 2.5625 செ.மீ. K-க்கும் I-க்கும் தூரம் அளந்தால் அதேதான் வரும். பெரிய வட்டம் முக்கோணத்தை விட்டு வெளியே பிதுங்கி நிற்க, சின்ன வட்டம் உள்ளே ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் படத்தில் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

தாளில் இடம் போதாவிட்டால் ஜியோஜிப்ரா என்ற வடிவியல் மென்பொருளைத் திறந்து இதை ஒவ்வொரு வரியாகப் போடலாம். முதலில் C-ஐ 14-இல் வைத்துப் பாருங்கள்:

```
A = (5, 12)
B = (0, 0)
C = (14, 0)
D = ClosestPoint(Line(B, C), A)
E = ClosestPoint(Line(C, A), B)
F = ClosestPoint(Line(A, B), C)
Circle(D, E, F)
Circle((6, 4), 4)
```

(6, 8)-க்கு அருகே எவ்வளவு பெரிதாக்கினாலும் இரண்டு வளைவுகளும் பிரியாது, (6, 0)-க்கு அருகே கொஞ்சம் பெரிதாக்கினாலே பிரிந்துவிடும். பிறகு C-ஐ (−4, 0) என்று மாற்றி, கடைசி வரியில் `Circle((-1, 1.5), 1.5)` என்று போடச் சொல்லுங்கள். தொடும் இடம் இப்போது மேலே இருக்காது, இடது ஓரத்தில், AC-க்குப் பக்கத்தில், ஏறக்குறைய (−2.46, 1.17)-இல் இருக்கும்.